ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கும்போது

மருத்துவமனை வார்டில் சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்த ஒருவர் கண் திறந்து பேசத் தொடங்கியதும் கட்டிலைச் சுற்றி நிற்கிற எல்லோருக்கும் உயிர் வந்துவிடுகிறது. டியூட்டி டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போகிறார். காலியான டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலைக் கழற்றி எடுத்துப் போகிறார்கள். கூட இருக்கும் உறவினர் கட்டிலுக்கடியில் பாயை விரித்து மறுபடி படுக்கிறார். ஆனால் சில நோயாளிகளுக்கு, குறிப்பாகச் சில வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை மறுபடியும் இறங்கும். அந்த இரண்டாவது இறக்கத்தின்போது பெரும்பாலும் யாரும் விழித்திருப்பதில்லை.

இதற்காகத்தான் பல வார்டுகளில் நர்ஸ் மேஜைக்கு மேலே சுவரில் ஓர் அட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. சர்க்கரை இறங்கினால் என்ன செய்ய வேண்டும், எந்த அளவில், எந்த வரிசையில் என்று அதில் இருக்கும். அட்டையின் மேல்பாதி அவசர சிகிச்சை. கீழ்ப்பாதி, அதற்குப் பிறகு நர்ஸ் செய்ய வேண்டிய கண்காணிப்பு. மேல்பாதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நோயாளியைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்புவதில் கீழ்ப்பாதிக்கும் அதே பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அளவு. ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வார்டில் அதை ‘ஹைப்போ’ என்று எடுத்துக்கொண்டு செயல்பட வேண்டும். 54-க்குக் கீழே போனால் மூளைக்குப் போதுமான எரிபொருள் இல்லை என்று பொருள். அது தாமதிக்கக்கூடாத நிலை. அளவு எதுவாக இருந்தாலும், நோயாளி குழம்பிப்போய் பிறர் உதவியின்றி எதுவும் செய்ய முடியாதவராக இருந்தால் அது கடுமையான ஹைப்போதான். பிரிட்டனில் சர்க்கரையை வேறு அலகில் அளக்கிறார்கள். அங்கே 4 என்பதுதான் கடைசிப் படி, அதற்குக் கீழே விடாதே என்று நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் கணக்கில் அது 72.

எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே ஆளைப் பார்த்துச் சந்தேகப்படத் தெரிய வேண்டும். சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் உடம்பு அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கிறது: கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குளிர்ந்த வியர்வை. இன்னும் இறங்கினால் மூளை தடுமாறுகிறது: பேச்சு குழறுகிறது, காரணமில்லாத கோபம் வருகிறது, தூக்கம் அழுத்துகிறது, கடைசியில் வலிப்பு, நினைவிழப்பு. வீட்டில் இருப்பவருக்கு முதல் கட்டம் தெரிந்து, சர்க்கரை போட்ட காபியைக் குடித்துச் சமாளித்துவிடுவார். வார்டில் படுத்திருப்பவருக்கு அந்த முதல் கட்டம் தெரியாமலே போகலாம். பல வருடச் சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு அந்த எச்சரிக்கை மணி மங்கிவிடுகிறது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மெட்டோபிரோலால், பிரோபிரனலால் போன்ற மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். ஆனால் வியர்வையை மறைக்காது. ஃபேன் ஓடும்போதே ஒரு நோயாளியின் தலையணை உறை நனைந்திருந்தால் ஸ்ட்ரிப்பை எடுக்க வேண்டிய நேரம் அது.

ஒரு பக்கம் கை கால் விழுந்து பக்கவாதம் போலவே தோன்றும் ஹைப்போவும் உண்டு. அதனால் அனுபவமுள்ள நர்ஸுகள் ஒரு வழக்கம் வைத்திருப்பார்கள். நோயாளியின் நடத்தையில் எந்த மாற்றம் வந்தாலும் முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், யோசனையெல்லாம் அப்புறம்.

வார்டுகளில் அடிக்கடி நடப்பதை வைத்து ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். அறுபத்தெட்டு வயது அம்மா. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. காலில் புண் சீழ் பிடித்து, காய்ச்சலோடு சேர்க்கப்பட்டிருக்கிறார். வீட்டில் சாப்பிட்டு வந்த கிளிமெபிரைடு மாத்திரை அப்படியே தொடர்கிறது. இரண்டு நாளாகக் குமட்டல். நேற்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 2.4, அதாவது சிறுநீரகம் பின்வாங்கத் தொடங்கிவிட்டது. இரவு மாத்திரையை விழுங்கிவிட்டு, வந்த இட்லியில் பாதியைத் தின்று, போதும் என்று தள்ளிவிட்டார்.

விடிகாலை நான்கு மணிக்கு மகள் ஓடி வருகிறார். “சிஸ்டர், அம்மா என்னமோ மாதிரி பேசுறாங்க. என்னையே யாருன்னு கேக்குறாங்க.”

நர்ஸ் போய்ப் பார்க்கும்போது அந்த அம்மாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது. “அம்மா, கண்ணைத் திறங்க, உங்க பேர் சொல்லுங்க” என்றால் முனகல்தான் பதில். குளுக்கோமீட்டர் 41 காட்டுகிறது.

இந்த எண்ணை எடுக்கும் விதத்திலேயே தவறுவதுண்டு. சற்று முன் பழமோ குளுக்கோஸோ தொட்ட விரலில் குத்தினால், தோலில் ஒட்டியிருக்கும் இனிப்பும் ரத்தத்தோடு சேர்ந்து, 41 இருக்கும் இடத்தில் 110 என்றுகூடக் காட்டிவிடும். தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துவதே நல்லது. ஸ்பிரிட் போட்டால் அது காய்ந்த பிறகுதான் குத்த வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையில் எடுத்தால் அதுவும் பொய் சொல்லும். மறு கையில் எடுக்க வேண்டும். ரத்த அழுத்தம் விழுந்து விரல்கள் சில்லிட்டுக் கிடக்கும் நோயாளியிடமும் விரல் நுனி அளவை முழுதாக நம்ப முடியாது. அப்படிப்பட்டவரிடம் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும், ஆனால் அந்த முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்கக்கூடாது. ஆளைப் பார்த்தால் ஹைப்போ போல இருக்கிறது, மீட்டரோ கைக்குக் கிடைக்கவில்லை என்றாலும் அதே விதிதான்: ஹைப்போ என்று எண்ணியே சிகிச்சை தொடங்கலாம். சர்க்கரை சிறிது நேரம் கூடுதலாக இருப்பதால் வரும் கெடுதல், இறங்கியே கிடப்பதால் வரும் கெடுதலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது, விழுங்க முடியுமா என்ற கேள்வி. அட்டை இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகிறது.

நினைவோடு இருந்து, சொன்னதைக் கேட்டு, தானே விழுங்கக்கூடியவருக்கு 15 கிராம் வேகமான சர்க்கரை. குளுக்கோஸ் பவுடராக இருந்தால் தலைதட்டிய மூன்று தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்ய வேண்டும். பிஸ்கட்டும் பாலும் சாக்லேட்டும் இந்த முதல் நிமிடங்களுக்கு உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். பழச்சாறு கொடுக்கலாம் என்றாலும் சிறுநீரகம் பழுதானவருக்கு ஆரஞ்சுச் சாறு வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் அதே அளவை மறுபடி கொடுக்க வேண்டும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நம் நோயாளிகள் பலர் சாப்பிடும் கூட்டு மாத்திரையில் வோக்ளிபோஸ் என்ற மருந்தும் கலந்திருக்கும். சாதாரணச் சர்க்கரையைக் குடலில் உடைக்கும் நொதியைத் தடுப்பதுதான் அதன் வேலை. அப்படிப்பட்டவருக்குச் சமையலறைச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தால், அது உடைபடாமல் குடலிலேயே நின்று, ரத்தத்துக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். குளுக்கோஸுக்கு உடைபட வேண்டிய தேவையில்லை. ஆகவே வார்டு அலமாரியில் இருக்க வேண்டியது சர்க்கரை டப்பா அல்ல, குளுக்கோஸ் பவுடர்.

நம் அம்மாவுக்கு வாய் வழி சரிப்படாது. அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாய்க்குப் போகும் ஆபத்து உண்டு. பதற்றத்தில் உறவினர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான். நர்ஸ் அதை மென்மையாக, ஆனால் உடனே தடுக்க வேண்டும். அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, வென்ஃப்ளான் சரியாக ஓடுகிறதா என்று சலைன் செலுத்திப் பார்க்கிறார் நர்ஸ். இந்தச் சோதனையைத் தவிர்க்கக்கூடாது. செறிவான டெக்ஸ்ட்ரோஸ் நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே வெந்ததுபோல் அழுகிவிடும். 50 சதவீதக் கரைசலில் இந்த ஆபத்து அதிகம், 25-இல் குறைவு, 10-இல் இன்னும் குறைவு.

25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி கொடுத்தால் 25 கிராம் குளுக்கோஸ் போகும். அதைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏற்ற வேண்டும். அது இல்லாத இடத்தில் 10 சதவீதக் கரைசலை 150 முதல் 200 மில்லி வரை அதே நேரத்தில் ஏற்றலாம். இன்சுலின் டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நிறுத்த வேண்டும். நரம்பே கிடைக்கவில்லை என்றால் குளுக்ககான் 1 மில்லிகிராம் தசையில் ஊசியாகப் போடலாம். அது ஈரலில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை வெளியே தள்ளும் மருந்து. பல நாள் சாப்பிடாதவர், ஈரல் கெட்டவர், மதுப்பழக்கத்தில் உடல் தேய்ந்தவர் ஆகியோருக்கு அந்தச் சேமிப்பே இருக்காது. மருந்து போட்டும் பலன் வராது. மதுப்பழக்கம் உள்ளவருக்கு டெக்ஸ்ட்ரோஸோடு தயமின் ஊசியும் தேவை. தயமின் வந்து சேரட்டும் என்று டெக்ஸ்ட்ரோஸைக் காக்க வைக்கக்கூடாது.

நாலே காலுக்குள் பாட்டில் முடிகிறது. நாலரைக்குப் பார்த்தால் 138. அம்மா மகளைப் பார்த்து, “ஏன்டி அழுவுற?” என்று கேட்கிறார். பால் கொடுத்து, நான்கு பிஸ்கட் சாப்பிட வைக்கிறார்கள். நினைவு திரும்பி, நன்றாக விழுங்க முடிந்த பிறகு மெதுவாகச் செரிக்கும் உணவு தர வேண்டும் என்பதும் அட்டையில் உள்ளதுதான்.

இனி கீழ்ப்பாதி.

அட்டையைப் பின்பற்றும் நர்ஸ் ஐந்தரைக்கு மறுபடி விரலைக் குத்துகிறார்: 94. அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஒரு மணி நேரத்தில் 44 இறங்கியிருக்கிறது என்பதை அவர் கவனிக்கிறார். ஆறரைக்கு 61. அம்மா அமைதியாகத் தூங்குவதுபோல இருக்கிறார். விடிந்து தெரிந்த முகத்தில் இந்த முறை வியர்வைகூடப் பெரிதாக இல்லை.

ஏன் இப்படி? இன்சுலின் ஊசியால் வந்த ஹைப்போவில், போட்ட இன்சுலின் கரைந்து தீர்ந்ததும் பிரச்சினை முடிந்துவிடும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகள் வேலை செய்யும் விதம் வேறு. அவை கணையத்தை இன்சுலின் சுரந்துகொண்டே இருக்கும்படி தூண்டுகின்றன. வழக்கமாக அந்த மருந்தையும் அதன் மிச்சங்களையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பின்வாங்கியவரிடம் அது ஒரு நாள், சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட உடம்பில் நின்று வேலை செய்யும். அதோடு, நாம் ஏற்றிய 25 கிராம் குளுக்கோஸைக் கண்டதும் கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலினைச் சுரக்கிறது. சிகிச்சையே அடுத்த இறக்கத்துக்கு வழி செய்கிறது. ஒரு பாட்டிலோடு இதை முடிக்க முடியாது.

எனவே டாக்டர் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸை மணிக்கு 100 மில்லி என்ற வேகத்தில் ஓடவிடச் சொல்கிறார். மணிக்குப் பத்து கிராம் குளுக்கோஸ். முதலில் மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும். அளவு 100-க்கு மேல் நிலையாக நின்றால் இரண்டு மணிக்கொரு முறை, பிறகு நான்கு மணிக்கொரு முறை என்று இடைவெளியை நீட்டலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு இத்தனை திரவம் ஏறுவதால் மூச்சுத் திணறல் வரலாம். கால் வீக்கம், மூச்சின் வேகம், சிறுநீர் அளவு மூன்றையும் கூடவே பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஓடினால் ரத்தத்தில் சோடியம் குறையலாம், அதற்கும் ஒரு பரிசோதனை வேண்டும். டிரிப் ஓடியும் சர்க்கரை திரும்பத் திரும்ப இறங்கினால் ஆக்ட்ரியோடைடு என்ற ஊசியைத் தோலுக்கடியில் போட்டு, கணையம் இன்சுலின் சுரப்பதையே அடக்கும் வழியும் டாக்டரிடம் இருக்கிறது.

டிரிப்பைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, நோயாளி வாயால் சாப்பிடுவதை உறுதிசெய்து, நிறுத்திய பிறகும் சில மணி நேரம் பார்க்க வேண்டும். இந்த வகை மாத்திரையால் ஹைப்போ வந்தவரை குறைந்தது 24 மணி நேரமாவது கண்காணிக்காமல் வீட்டுக்கு அனுப்புவது தவறு. சிறுநீரகமும் பழுதாக இருந்தால் இன்னும் அதிக நேரம் வேண்டும். அவசரப் பிரிவில் ஒரு பாட்டில் ஏற்றி, தெளிந்ததும் “கூட்டிட்டுப் போங்க” என்று அனுப்பப்பட்டு, அதே இரவு மறுபடி மயக்கத்தில் திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் இந்த வகையினர்தான்.

கேஸ் ஷீட்டில் நர்ஸ் எழுதுவது இப்படி இருந்தால் அடுத்த ஷிப்டில் வருபவருக்குக் கதை முழுதும் தெரியும்: “4.05: குழப்பம், வியர்வை, சர்க்கரை 41. விழுங்க இயலவில்லை. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி இடது கை நரம்பில். டியூட்டி டாக்டருக்குத் தகவல் 4.07. 4.30: 138, தெளிவு. பால், பிஸ்கட். 5.30: 94. 6.30: 61, டாக்டருக்குத் தகவல், 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் தொடக்கம். இரவு இட்லி பாதிதான். கிளிமெபிரைடு காலை டோஸ் கொடுக்கவில்லை, டாக்டர் பார்க்க வேண்டும்.” ‘ஹைப்போ, சிகிச்சை அளிக்கப்பட்டது’ என்று ஒரு வரியில் முடித்தால், காலை ஏழரைக்கு ஷிப்ட் மாறி வருபவர் டிரேயில் இருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார். இப்படித்தான் இரண்டாவது ஹைப்போ மூன்றாவதாகிறது.

ஏன் இறங்கியது என்று தேடாத வரை கண்காணிப்பு முடிந்ததாகாது. வார்டில் காரணம் பெரும்பாலும் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில்தான் இருக்கும். இன்சுலின் ஏழு மணிக்குப் போடப்பட்டு, சாப்பாட்டு வண்டி எட்டரைக்கு வந்திருக்கும். ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் வைத்து, இன்சுலினை மட்டும் நிறுத்த மறந்திருப்பார்கள். மூக்குக் குழாய் வழி உணவு ஓடிக்கொண்டிருந்தவருக்குக் குழாய் அடைத்திருக்கும். ஸ்டீராய்டு குறைக்கப்பட்டிருக்கும், அதற்கேற்ப இன்சுலின் குறைக்கப்பட்டிருக்காது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதற்காக இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். டெக்ஸ்ட்ரோஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்சுலின் தீராது, ஆறு மணி நேரம் வரை இறங்கும் வாய்ப்பு உண்டு.

சிரிஞ்சையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பிகளும் 100 யூனிட் உள்ளவையும் இரண்டும் புழக்கத்தில் உள்ளன. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்துக் கோடு எடுத்தால், உள்ளே போவது பத்து யூனிட் அல்ல, இருபத்தைந்து.

காரணத்தைத் தேடும்போது நேரெதிரான தவறும் நடக்கிறது. ஒருமுறை இறங்கிவிட்டது என்ற பயத்தில் அடுத்த வேளை இன்சுலினை முழுதாக நிறுத்திவிடுகிறார்கள். உடம்பில் இன்சுலினே சுரக்காத முதல் வகை சர்க்கரை நோயாளிக்கு இது உயிர் ஆபத்து. சில மணி நேரத்தில் ரத்தம் அமிலமாகத் தொடங்கும். அவருக்கு ஹைப்போவைச் சரிசெய்து, டாக்டரிடம் கேட்டு அளவைக் குறைத்து, இன்சுலினைத் தொடர வேண்டும். நம் அம்மாவின் விஷயம் வேறு. அவருடைய மாத்திரையை நிறுத்த வேண்டும், வீட்டுக்குப் போகும்போது தரும் சீட்டில் அது நிறுத்தப்பட்டது என்றும் ஏன் என்றும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய பட்டையிலிருந்து அதே மாத்திரையை மறுநாள் காலை அவரே எடுத்துச் சாப்பிட்டுவிடுவார்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் என்றாவது ஒரு நாள் வார்டில் துணைக்கு இருக்க நேரும். நோயாளி வழக்கத்தில் பாதிகூடச் சாப்பிடவில்லை, சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிட்டார் என்றால், சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ வரும்போது அதை நர்ஸிடம் சொல்லுங்கள். கேட்காமலே சொல்லுங்கள். சர்க்கரை இறங்கித் தெளிந்த பிறகு, அடுத்து எத்தனை மணிக்குப் பார்ப்பீர்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் தாண்டிப்போனால், தூங்குகிறாரே என்று விட்டுவிடாமல், போய் நினைவுபடுத்துங்கள்.